பிரிண்டர் கரகரவென்று முட்டி நிற்கிறதா? மோட்டரைக் குறை சொல்ல முன் அந்தப் பட்டையைப் பாருங்கள்

எங்கள் ஒழுங்கையில் ரியூசன் நடத்துகிற ரீச்சர் ஒருவர் இருக்கிறார். சாதாரண தரப் பரீட்சை நெருங்கிய நேரம், மாதிரி வினாத்தாள் அடிக்கப் பிரிண்டரைப் போட்டிருக்கிறார். உள்ளே இருக்கும் பகுதி விசையோடு வலது பக்கம் ஓடி ‘டக்’ என்று சட்டத்தில் மோதி, அங்கேயே நின்று கரகரவென்று அரைத்திருக்கிறது. பிறகு எல்லா லைட்டும் ஒன்றாக மின்னத் தொடங்கிவிட்டன. மூன்று தடவை நிறுத்திப் போட்டும் அதேதான். ஒரு கடையில் விசாரித்தபோது, “போர்ட் போயிருக்கும், மாற்றுகிற காசுக்குக் கொஞ்சம் சேர்த்தால் புதுசு வாங்கலாம்” என்றார்களாம். “தம்பி, எறியத்தான் வேணுமா, ஒருக்கா பார்த்துச் சொல்லும்” என்று என்னைக் கூப்பிட்டார். போர்டில் ஒரு பிழையும் இருக்கவில்லை. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டையில் எண்ணெய் பட்டிருந்தது, அவ்வளவுதான். முக்கால் மணித்தியாலத்தில் பிரிண்டர் ஓடியது.

இந்தக் கோளாறு வீட்டிலேயே பார்க்கக்கூடியது. ஆனால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியாமல் கை வைத்தால் நல்ல பிரிண்டரும் கெட்டுவிடும். அதனால் ரீச்சரின் பிரிண்டரில் செய்ததையே ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில், அது ஏன் முட்டுகிறது?

தாளில் மை தெளிக்கிற ஹெட்டைச் சுமந்துகொண்டு இடமும் வலமும் ஓடுகிற பெட்டி போன்ற பகுதியைக் கேரியேஜ் என்பார்கள். ஒரு சின்ன மோட்டர் பல்லுள்ள பெல்ட் ஒன்றால் அதை இழுக்கிறது. தான் எவ்வளவு தூரம் இழுத்தேன் என்பது அந்த மோட்டருக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்காகத்தான் கேரியேஜின் பின்பக்கத்தில், இடமிருந்து வலமாக, கண்ணாடி போன்ற மெல்லிய பட்டை ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. அதுதான் என்கோடர் பட்டை. தூரத்தில் பார்க்க இலேசான சாம்பல் நிறமாகத் தெரியும். உண்மையில் அதில் மிக நுண்ணிய கறுப்புக் கோடுகள் நெருக்கமாக அச்சிடப்பட்டிருக்கின்றன. பல பிரிண்டர்களில் ஓர் அங்குலத்துக்கு 150 அல்லது 180 கோடுகள் இருக்கும்.

கேரியேஜின் முதுகில் ஒரு சின்னப் பிளவு உண்டு. பட்டை அந்தப் பிளவுக்குள்ளால் போகிறது. பிளவின் ஒரு பக்கம் வெளிச்சம் தருகிற சின்ன விளக்கு, மறுபக்கம் அந்த வெளிச்சத்தைப் பார்க்கிற சென்சர். கேரியேஜ் நகரும்போது கோடுகள் வெளிச்சத்தை மறைத்து மறைத்து விடும். அந்த மறைப்புகளை எண்ணித்தான் பிரிண்டர் ‘இப்போது இந்த இடத்தில் நிற்கிறேன்’ என்று கணக்கு வைத்துக்கொள்கிறது.

பட்டையில் எண்ணெயோ மையோ பட்டால் அந்த இடத்தில் கணக்கு நின்றுபோகும். கேரியேஜ் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் பிரிண்டர் அது நகரவே இல்லை என்று நினைத்து மோட்டருக்கு இன்னும் விசை கொடுக்கும். கேரியேஜ் போய் ஓரத்தில் மோதும். மோதிய பிறகும் மோட்டர் சுற்ற, பெல்ட்டின் பற்கள் மோட்டர் சில்லில் வழுக்கும். நாம் கேட்கிற ‘கரகர’ அதுதான். உண்மையாகவே ஏதோ பொருள் வழியை மறித்தாலும் இதேபோன்ற சத்தமும் இதே எரரும் வரலாம். ஆகவே நாம் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: கேரியேஜின் வழி அடைபட்டிருக்கிறதா, அல்லது அதன் கண் மறைந்திருக்கிறதா?

எரர் இலக்கத்தை வைத்து இதைப் பிரித்தறிய முடியாது. கேனன் பிரிண்டர்களில் 5100 அல்லது P02 என்று வரும். வேறு சிலவற்றில் திரையில் Carriage Jam என்று வரும், திரை இல்லாதவற்றில் லைட்டுகள் மின்னும். எல்லாமே ‘கேரியேஜ் நான் நினைத்தபடி நகரவில்லை’ என்பதை மட்டும்தான் சொல்கின்றன, காரணத்தை அல்ல.

சத்தத்தை ஒரே ஒரு தடவை கேளுங்கள்

திரும்பத் திரும்ப நிறுத்திப் போட வேண்டாம். ஒவ்வொரு மோதலிலும் பெல்ட்டின் பற்கள் தேய்கின்றன, மோட்டரை ஓட்டுகிற சிப்பும் போர்டும் சூடாகின்றன. ஸ்கேனர் மூடியைத் திறக்கக்கூடிய பிரிண்டரானால் திறந்துவைத்து, ஒரு தடவை மட்டும் போட்டுக் கண்ணால் பாருங்கள். மூடி திறந்திருந்தால் சில பிரிண்டர்கள் அசையாது. அப்படியானால் மூடியபடியே காதைக் கொடுங்கள்.

கேரியேஜ் வழக்கத்தைவிட வேகமாக ஓடி ஓரத்தில் பலமாக மோதினால் பெரும்பாலும் பட்டையில்தான் பிழை. மெதுவாக வந்து ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நடுவழியில் நின்றால் அந்த இடத்தில் ஏதோ தடுக்கிறது, அல்லது அந்த இடத்தில் மட்டும் பட்டை அழுக்காகியிருக்கிறது. வலது மூலையை விட்டு அசையாமல் முனகினால் ஹெட்டை மூடிவைக்கிற ரப்பர் மூடியின் பக்கத்தில் தேட வேண்டும். கேரியேஜ் ஒழுங்காகப் போய் வந்த பிறகு பின்னாலோ கீழேயோ இருந்து அரைக்கிற சத்தம் வந்தால் அது கடதாசி இழுக்கிற பற்சக்கரங்களின் கோளாறு, அதற்கு இந்தக் கட்டுரை உதவாது.

ரீச்சரின் பிரிண்டர் முதல் வகை. வேகமாக ஓடி மோதியது.

பார்த்து முடிந்ததும், கேரியேஜ் வலது மூலையை விட்டு வெளியே நிற்கிற நேரமாகப் பார்த்துப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பட்டனால் நிறுத்தினால் கேரியேஜ் மூலைக்குப் போய்ப் பூட்டிக்கொள்ளும். பிறகு கையால் நகர்த்த வராது. பூட்டியிருக்கும்போது பலவந்தமாக இழுத்தால் பூட்டு நாக்கு உடைந்துவிடும். மற்றது, ஹெட் மூடியில்லாமல் வெளியே நிற்கிறது என்பதை மறக்காதீர்கள். நம்முடைய வெயிலில் நாள்முழுக்க அப்படி விட்டால் மை காய்ந்து துவாரங்கள் அடைத்துக்கொள்ளும். வேலையை ஒரே இருக்கையில் முடிப்பது நல்லது. இடையில் எழும்ப நேர்ந்தால் கேரியேஜை வலது மூலைக்குத் தள்ளிவிட்டு எழும்புங்கள்.

வழி அடைபட்டிருக்கிறதா?

பிளக் கழன்றிருக்கிறது என்று உறுதி செய்துவிட்டு, ரோச் லைட்டால் பக்கவாட்டில் இருந்து வெளிச்சம் அடியுங்கள். மேலிருந்து அடித்தால் நிழல் விழாது, சின்னப் பொருள் கண்ணில் படாது.

பின்பக்கம் கடதாசி வைக்கிற பிரிண்டர்களில் அந்த வாய் எப்போதும் திறந்தே கிடக்கும். பேனை மூடி, கடதாசிக் கிளிப், ஸ்ரேப்ளர் முள் எல்லாம் அதற்குள்ளால் விழும். சிக்கிய தாளை ஆத்திரத்தில் இழுத்தால் ஒரு மூலை கிழிந்து உள்ளே நின்றுவிடும். அதை இடுக்கியால், தாள் வழக்கமாக வெளியே வருகிற திசையிலேயே மெதுவாக இழுக்க வேண்டும். பல்லி இன்னொரு காரணம். பாவிக்காமல் வைத்திருந்த பிரிண்டருக்குள் பல்லி முட்டையிடும், உள்ளே செத்தும் கிடக்கும். கொஞ்ச நாள் பாவிக்காத பிரிண்டரைப் போட முன் ஒரு தடவை உள்ளே பாருங்கள்.

மைத்தாங்கி வெளியே இருக்கிற பிரிண்டரானால் தாங்கியிலிருந்து கேரியேஜுக்குப் போகிற மெல்லிய குழாய்களையும் பாருங்கள். அவை தங்கள் கொக்கியிலிருந்து கழன்று மேலே வளைந்து நின்றால் ஒவ்வொரு ஓட்டத்திலும் மூடியில் இடிக்கும். மைக்குப்பி போடுகிற வகையானால் குப்பிகள் ‘கிளிக்’ என்று முழுதாக இறங்கியிருக்க வேண்டும்.

உள்ளே விழுந்ததை எடுக்கலாம் என்று பிரிண்டரைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டாம். மை வெளியேறி எல்லா இடமும் ஊறும், அந்த மை பட்டையிலும் விழும். இல்லாத கோளாறை நாமே உண்டாக்கியது போலாகிவிடும். கடைக்குக் கொண்டுபோகும்போது ஓட்டோவில் சரித்து வைப்பதும் இதே வினையைத்தான் தரும்.

இப்போது முக்கியமான சோதனை. கேரியேஜின் அடிப்பக்கத்தைப் பிடித்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கையால் மெதுவாகத் தள்ளுங்கள். பெல்ட் சேர்ந்து வரும், மோட்டரின் இலேசான இழுவை கைக்குத் தெரியும். அந்த இழுவை எல்லா இடத்திலும் ஒரேமாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் இறுகினால் அங்கே தடை இருக்கிறது. முழு நீளமும் இறுக்கமாக இருந்தால் கேரியேஜ் ஓடுகிற தண்டில் பழைய கிறீஸ் தூசியோடு சேர்ந்து பசையாகியிருக்கிறது. சீராக ஓடினால், தடை இல்லை. பட்டைதான் அடுத்த சந்தேகம்.

ரீச்சரின் கேரியேஜ் வழுக்கிக்கொண்டு ஓடியது. புதுப் பிரிண்டரில்கூட அவ்வளவு இலகுவாக ஓடாது. தண்டைத் தடவிப் பார்த்தேன், விரலில் எண்ணெய். கேட்டால், முந்திய நாள் தாள் சிக்கியபோது ‘கீச்’ என்று சத்தம் வந்ததாம், அதற்கு மகன் தையல் மெசின் எண்ணெயைத் தாராளமாக விட்டிருக்கிறார். கேரியேஜ் ஓட ஓட அந்த எண்ணெய் தெறித்துப் பட்டையின் வலது கோடியில், ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்குப் படிந்திருந்தது.

பட்டையைப் பார்ப்பதும் துடைப்பதும்

கேரியேஜுக்குப் பின்னால் மூன்று நீளமான பொருட்கள் இருக்கும், ஒன்றை மற்றொன்றாக நினைத்துவிடக் கூடாது. பல்லுள்ள கறுப்பு ரப்பர் பெல்ட். போர்டிலிருந்து வருகிற அகலமான, வளையக்கூடிய தட்டை வயர். மூன்றாவது, இரண்டு கோடியிலும் கொக்கியில் மாட்டி விறைப்பாக நிற்கிற மெல்லிய பட்டை. ஒரு கோடியில் அநேகமாகச் சின்ன ஸ்பிரிங் ஒன்று அதை இழுத்துப் பிடித்திருக்கும்.

துடைக்க முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். பட்டை இரண்டு கொக்கியிலும் இருக்கிறதா? கேரியேஜின் பிளவுக்குள்ளால் போகிறதா, அல்லது வெளியே பக்கத்தால் போகிறதா? சிக்கிய தாளை இழுக்கும்போது பட்டை பிளவிலிருந்து கழன்றுவிடுவது சாதாரணமாக நடக்கிற ஒன்று. அப்படியானால் திரும்பப் பிளவுக்குள் விட்டாலே போதும். மூன்றாவது, பின்னால் வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடித்து ரோச் அடித்தால் கறை, விரல் அடையாளம், கீறல் தெரிகிறதா? கறையைத் துடைக்கலாம். கோடுகள் சுரண்டுப்பட்டிருந்தால் துடைத்துப் பயனில்லை, பட்டையை மாற்ற வேண்டும்.

துடைக்கத் தேவையானது மூக்குக்கண்ணாடி துடைக்கிற நல்ல துணியும் காய்ச்சி வடித்த தண்ணீரும்தான். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: கிணற்றுத் தண்ணீரைப் பாவிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்துத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருவது. கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவு பட்டையிலும் காய்ந்து நிற்கும், சென்சருக்கு அது இன்னொரு கறை. கொதிக்கவைத்து ஆறவைத்தாலும் சுண்ணாம்பு முழுதாகப் போகாது. வாகன பற்றரிக்கு விடுகிற வடித்த தண்ணீர் கிடைக்கும். வாங்கும்போது அது அசிட் அல்ல, தண்ணீர்தான் என்று போத்தலைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

தின்னர், அசிட்டோன், நகப்பூச்சு நீக்கி, பெற்றோல் எதுவும் கிட்டவே வரக்கூடாது. அவை பட்டையை மங்கவைக்கும், கோடுகளைக் கரைத்துவிடும். ஸ்பிரிற்றும் சில பட்டைகளின் கோடுகளை எடுத்துவிடுகிறது. தண்ணீருக்கு அசையாத மைக்கறை இருந்தால் மட்டும், கேரியேஜ் எட்டாத கோடிப் பகுதியில் ஒரு துளி தடவி, கோடுகளின் கறுப்பு துணியில் வருகிறதா என்று பார்த்த பிறகே ஸ்பிரிற்றைப் பாவியுங்கள். ரிசுவும் வேண்டாம், அதன் நார்கள் பிளவுக்குள் போய் நிற்கும்.

துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழியுங்கள். சொட்டக்கூடாது. துணியை மடித்து, பட்டையை அதன் இரண்டு முகத்திலும் இலேசாகப் பிடித்தபடி, நீளவாக்கில் ஒரு திசையில் இழுத்துக்கொண்டு போங்கள். குறுக்கே தேய்த்தால் பட்டை மடியும். அழுத்தம், கமெராக் கண்ணாடி துடைக்கிற அளவுக்கு இருந்தால் போதும். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் சுத்தமான பகுதியை மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எண்ணெயை ஒரு இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பரப்பியதுதான் மிச்சம். பாதி துடைத்ததும் கேரியேஜை மறுபக்கம் தள்ளிவிட்டு, அது மறைத்திருந்த பகுதியையும் துடையுங்கள்.

ரீச்சரின் பட்டையில் வெறும் தண்ணீருக்கு எண்ணெய் போகவில்லை. ஒரு கோப்பை வடித்த தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு துளி விட்டுத் துடைத்தேன். பிறகு சோப்பு நிற்காமல் இருக்க வெறும் தண்ணீரால் இரண்டு தடவை, கடைசியாகக் காய்ந்த துணியால் ஒரு தடவை.

அதோடு நின்றிருந்தால் வேலை அரைகுறை. எண்ணெய் பிளவுக்குள்ளும் போயிருந்தது. அதனால் பட்டையைக் கழற்ற வேண்டி வந்தது. உங்களுக்கு அப்படித் தேவைப்பட்டால் முதலில் இரண்டு கோடியையும் போனில் படம் எடுங்கள். பட்டையின் வலது கோடியில், முன்பக்கமாக, ஒரு சின்ன ரேப் துண்டை ஒட்டிவிடுங்கள், திருப்பி மாட்டும்போது எந்தப் பக்கம் எது என்று குழப்பம் வராது. கேரியேஜை நடுவில் விட்டு, ஸ்பிரிங் உள்ள கோடியை முதலில் கழற்றுங்கள். ஸ்பிரிங் தெறித்து உள்ளே விழாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு பட்டையை மெதுவாகப் பிளவிலிருந்து இழுத்தெடுக்கலாம். ஓரங்களில் மட்டும் பிடியுங்கள்.

பிளவைச் சுத்தம் செய்ய, துணியிலிருந்து ஒரு மெல்லிய கீற்றை வெட்டி, வடித்த தண்ணீரில் இலேசாக ஈரமாக்கி, பிளவுக்குள்ளால் இரண்டு மூன்று தடவை இழுங்கள். பிறகு காய்ந்த கீற்று ஒன்று. குச்சி, ஊசி எதையும் விட வேண்டாம், உள்ளே இருக்கிற சின்னக் கண் கீறுப்படும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கமெராவுக்குப் பாவிக்கிற ரப்பர் ஊதி இருந்தால் அதால் ஊதுங்கள்.

திருப்பி மாட்டியதும் கேரியேஜைக் கையால் இரண்டு கோடிக்கும் கொண்டுபோங்கள். பட்டை பிளவின் ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் வெளியே வருவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், எங்கும் உரசக்கூடாது.

தண்டில் இருந்த எண்ணெயை என்ன செய்வது? காய்ந்த துணியால் துடைத்தெடுத்தேன். தேங்காயெண்ணெயோ தையல் மெசின் எண்ணெயோ துருவுக்கு அடிக்கிற ஸ்பிரேயோ பிரிண்டருக்குள் போகவே கூடாது. அவை வழிந்து, தூசியைப் பிடித்து, கடைசியில் பட்டைக்குத்தான் வரும். பிளாஸ்டிக்கைப் பாதிக்காத சிலிக்கோன் கிறீஸ் ஓர் அரிசி அளவு தண்டில் வைத்து, கேரியேஜைப் பத்துத் தடவை ஓட்டி, மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். தண்டைத் துடைத்த துணியைப் பட்டைக்குப் பாவிக்க வேண்டாம் என்று நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் அவசரத்தில் எல்லோரும் செய்கிற பிழை அதுதான்.

போட்டுப் பார்ப்பது

பதினைந்து நிமிடம் காயவிடுங்கள். சூடான காற்று அடிக்க வேண்டாம், பட்டை நெளிந்துவிடும். பிறகு கேரியேஜை வலது பக்கமாகத் தள்ளிவிட்டு, தாள் வைக்காமல் பிளக்கை மாட்டிப் போடுங்கள். நல்ல பிரிண்டரானால் கேரியேஜ் மெதுவாக ஓரத்தைத் தொட்டு, திரும்பி வந்து, ஒன்றிரண்டு தடவை ஓடி அமைதியாகும். மோதினால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள், இரண்டாம் தடவை பார்ப்போம் என்று விட வேண்டாம்.

கேரியேஜ் கையால் சீராக ஓடி, பட்டையும் பிளவும் சுத்தமாக இருந்தும் மோதினால், சென்சரோ தட்டை வயரோ பழுதாகியிருக்கலாம். பெல்ட்டின் பல் தேய்ந்திருந்தால் கண்ணால் பார்த்தே தெரியும். கேரியேஜ் அசையவே முயலாவிட்டால் மோட்டர் அல்லது போர்ட். இவை பிரிண்டர் திருத்துகிறவரின் வேலை. அவரிடம் போகும்போது ‘கையால் ஓடுகிறது, பட்டை துடைத்தாயிற்று’ என்று சொல்லுங்கள், அவருக்கும் நேரம் மிச்சம். பட்டை மாற்ற வேண்டி வந்தால் அதே மாதிரிப் பிரிண்டரின் பட்டையாகவே இருக்க வேண்டும், கழித்த பிரிண்டரில் இருந்து எடுத்ததானாலும் பரவாயில்லை. நீளம் பொருந்தினாலும் கோடுகளின் நெருக்கம் வேறாக இருந்தால் ஓடாது.

ரீச்சரின் பிரிண்டர் ஓடியதும் முதலில் ஹெட் சோதனைத் தாள் ஒன்று அடித்தோம், பிறகு மென்பொருளில் இருந்து ஹெட்டை நேராக்குகிற வேலையைச் செய்தோம். பட்டையைக் கழற்றி மாட்டினால் அது மயிரிழை நகர்ந்திருக்கும், அச்சு விழுகிற இடமும் சற்று மாறலாம். அப்புறம் வினாத்தாள் ஒன்றை அடித்து, ஒவ்வொரு வரியிலும் வலது ஓரத்தை உற்றுப் பார்க்கச் சொன்னேன். பட்டையில் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சியிருந்தால் எரர் வர முன்பே, எல்லா வரியிலும் அதே இடத்தில் எழுத்து சற்று விலகி விழும், கட்டங்களின் நெடுங்கோடு அங்கே முறியும். முதல் தாளில் ஒன்றும் தெரியவில்லை. நான்கு நாள் கழித்து அப்படி ஒரு முறிவு தெரிந்தது என்று ரீச்சர் கூப்பிட்டார். தண்டின் மூலையில் ஒளிந்திருந்த எண்ணெய் திரும்பவும் பட்டைக்கு வந்திருந்தது. இந்தத் தடவை பட்டையைக் கழற்றாமலே, ஈரத்துணியால் மூன்று இழுப்பில் போய்விட்டது.